டி.டி.எஸ். பேனாவும் தருமபுரி போர்வெல்லும்

மூன்று ஏக்கர் நெல், முழுக்க போர்வெல் பாசனம். ஃபுளோரைடு பார்க்க 900 ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். 480 காட்டுகிறது. 500-க்குள் இருந்தால் ஃபுளோரைடு இல்லை என்று கடைக்காரர் சொன்னார். நம்பலாமா?
*பென்னாகரம் பக்கத்து வாசகர்*

நம்பாதீர்கள். பேனா வடிவில் வரும் இந்த மீட்டரைப் பற்றி எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை மட்டும்தான் அது அளக்கிறது. அதை வைத்து மொத்த உப்பு இவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறது. அது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. 480-ல் ஃபுளோரைடு லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருந்தாலும் எண் அதேதான், 0.3 இருந்தாலும் அதேதான். ஆர்செனிக்கோ அதைவிடப் பல மடங்கு குறைந்த அளவிலேயே தொல்லை தரும். அந்தப் பேனா அதைப் பார்க்கவே பார்க்காது.

இன்னொன்றையும் கேளுங்கள். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய இருந்தால் ஃபுளோரைடு அதோடு சேர்ந்து படிந்துவிடும். சுண்ணாம்பு குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த தண்ணீரில்தான் அது கரைந்தபடியே நிற்கும். சோப்பு நன்றாக நுரைக்கிற, ‘மெது தண்ணி’ என்று ஊரே மெச்சுகிற போர்வெல்லில் ஃபுளோரைடு கூடுதலாக இருப்பது உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் ஒரு கடைக்காரர் ‘500-க்குள் இருந்தால் பயமில்லை’ என்று விற்கிறார், நாமும் வாங்குகிறோம். என் மேசை இழுப்பறையிலும் இரண்டு கிடக்கின்றன. ஒன்றில் பேட்டரிகூட இல்லை.

ரிப்போர்ட்டில் ஆர்செனிக் 8 என்று வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது.
*சேலம் வாசகி*

எட்டு என்ன? மைக்ரோகிராமா, மில்லிகிராமா? லிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்றால் குடிநீர் வரம்பான 10-க்கு உள்ளேதான் இருக்கிறது. அலகைப் படிக்காமல் பயப்படாதீர்கள்.

பரிசோதனைக்குத் தண்ணீரை எப்படிப் பிடித்துக் கொடுப்பது? ‘எந்த பாட்டிலிலும் கொண்டுவாருங்கள்’ என்கிறார்கள்.
*அரூர் வாசகர்*

அப்படிச் சொல்லும் இடத்துக்குப் போகாதீர்கள். மோட்டாரைப் போட்டு, குழாயில் தேங்கிய பழைய தண்ணீர் போக ஒரு கால் மணி நேரம் ஓடவிடுங்கள். தொட்டியிலிருந்து எடுக்காமல் நேரே குழாயில் பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். ஃபுளோரைடுக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான், கண்ணாடி கூடாது. ஆர்செனிக்குக்கு வேறு பாட்டில், அதில் ஆய்வகமே நைட்ரிக் அமிலம் விட்டுத் தரவேண்டும், அதை மட்டும் அலசாதீர்கள். அமிலம் இல்லாவிட்டால் தண்ணீரில் இருக்கும் இரும்பு துருவாகி அடியில் படியும், ஆர்செனிக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மேலே இருக்கும் தெளிந்த தண்ணீரைச் சோதித்து ‘இல்லை’ என்று எழுதித் தந்துவிடுவார்கள். ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் கேட்கும் சோதனை அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். மண்வள அட்டையை நீட்டாதீர்கள், அதன் 12 அளவுகளில் இவை இரண்டும் இல்லை.

ஃபுளோரைடு 2.8 வந்திருக்கிறது. நெல்லை விட்டுவிட வேண்டுமா? மண் கெட்டுவிடுமா?
*பாலக்கோடு வாசகர்*

விடவேண்டாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழையை நம்பாமல் போர்வெல்லிலேயே ஒரு போகம் எடுத்தால் ஏக்கருக்குச் சுமார் 50 லட்சம் லிட்டர் பாயும். லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் என்றால் 14 கிலோ ஃபுளோரைடு வயலில் இறங்குகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணே சுமார் எட்டரை லட்சம் கிலோ. ஆக கிலோ மண்ணுக்கு 16 மில்லிகிராம்போலக் கூடும், அதுவும் எதுவும் கழுவிப் போகவில்லை என்று வைத்துக்கொண்டால். சாதாரண மண்ணிலேயே கிலோவுக்குச் சில நூறு மில்லிகிராம் இருப்பது வழக்கம். ஒரு போகத்தில் ஒன்றும் ஆகாது. இருபது போகம் சேர்ந்தால் கவனிக்க வேண்டும்.

அப்போதும் மொத்த அளவைவிட, தண்ணீரில் கரையும் அளவுதான் முக்கியம். சுண்ணாம்புள்ள மண் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். களர் மண்ணில், கார அமில நிலை எட்டரைக்கு மேல் போய்ச் சோடியமும் மிகுந்திருந்தால், பிடி தளர்ந்து வேருக்குக் கிடைக்கும். அதனால் மண் சோதனைக்குப் போனால் ‘நீரில் கரையும் ஃபுளோரைடு’ என்று கேட்டு வாங்குங்கள், கார அமில நிலையும் சோடியமும் சேர்த்துப் பாருங்கள். களர் என்று வந்தால் ஜிப்சம் இடுவது களருக்கும் ஃபுளோரைடுக்கும் உதவும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் இறங்கும் தண்ணீர் குறையும், அதோடு வரும் ஃபுளோரைடும் குறையும்.

நெற்பயிர் எடுப்பதில் பெரும்பகுதி வேரிலும் வைக்கோலிலும் நின்றுவிடும், அரிசிக்குப் போவது கொஞ்சம். எனக்கு உங்கள் வயலைவிட உங்கள் அடுப்படிதான் கவலை. 2.8 என்பது குடிநீருக்கான உச்ச வரம்பான 1.5-ஐத் தாண்டியது. அதே தண்ணீரில் உலை வைத்தால், கஞ்சி வடித்தாலும் சோறு குடித்த தண்ணீர் சோற்றில்தான் இருக்கும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது இதற்காகத்தான். குடிக்கவும் சமைக்கவும் அதை எடுத்துக்கொள்ளுங்கள், போர்வெல் வயலுக்கு இருக்கட்டும்.

ஆர்செனிக்கும் சேர்த்த ‘முழு பேக்கேஜ்’ எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?
*கிருஷ்ணகிரி வாசகர்*

நம் பாறைப் பகுதியில் முதல் சந்தேகம் ஃபுளோரைடுதான். ஆர்செனிக் மேற்கு வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் பக்கமும் வங்கதேசத்திலும் உள்ள வண்டல் நிலத்தின் தலைவலி. அங்கே கோடை நெல்லுக்கு ஆழமில்லாத குழாய்க் கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தால், நான் மேலே போட்ட கணக்கில் ஏக்கருக்கு ஒரு போகத்தில் அரை கிலோ, கிலோ மண்ணுக்கு 0.6 மில்லிகிராம். எண் சின்னதுதான். ஆனால் நீர் தேங்கிய வயலில் காற்று இல்லாமல் இரும்புத் துரு கரைய, அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபடுகிறது. மணல்சத்தான சிலிக்கா போகும் வழியிலேயே வேருக்குள் நுழைந்து அரிசி வரை போகிறது. தண்ணீர் நுழையும் மடை ஓரத்தில்தான் அதிகம் சேரும். அங்கே கதிர் மணி பிடிக்காமல், தலை சாயாமல் நட்டுக்கொண்டு நிற்கும். அதனால் மண்ணை மடை ஓரத்திலும் கடைக்கோடியிலும் தனித்தனியாக எடுப்பார்கள். உங்களுக்கு ஒரு தடவை பார்த்தால் தப்பில்லை, ஆண்டுதோறும் காசு கொடுக்க வேண்டாம்.

போர்வெல் குழாயில் காந்த வளையம் மாட்டினால் ஃபுளோரைடு போய்விடும் என்று 18,000 வாங்கினார்கள். இப்போது போனை எடுப்பதில்லை.
*காரிமங்கலம் வாசகர்*

மனசு கஷ்டமாக இருக்கிறது. காந்தம் கரைந்த ஃபுளோரைடை நீக்காது. உங்கள்மேல் தப்பில்லை, நோட்டீசில் அப்படி அச்சடித்துக் கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அந்த நோட்டீசையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். வளையத்துக்கு முன்பும் பின்பும் ஒரே நாளில் தண்ணீர் பிடித்து ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே எண் வந்தால் அதுவே சாட்சி. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யுங்கள், தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். பொருள் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. ‘விவசாயம் தொழில், நீங்கள் நுகர்வோர் இல்லை’ என்பார்கள். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்துபவர் வாங்கினால் நுகர்வோர்தான் என்று 2019 சட்டமே சொல்கிறது.

வயலுக்கு ஆர்.ஓ. போடலாமா?
*ஊர் எழுதாத வாசகர்*

50 லட்சம் லிட்டருக்கா? கழித்துவிடும் தண்ணீரை எங்கே விடுவீர்கள்?