சன் 24, ரிங் 72: பிளானட்டரி கியர்பாக்ஸ் கேள்வி பதில்

கேள்வி (டிப்ளமோ மாணவர், ஓசூர்): அண்ணா, சன் 24 பல், ரிங் 72 பல். 72-ஐ 24-ஆல் வகுத்தா 3 தானே வரணும்? நோட்ஸ்ல 4-னு இருக்கு. பிளானட் பல்லைக் கணக்குல சேர்க்கவே இல்ல. தப்பா அச்சடிச்சிருக்காங்களா?

பதில்: தம்பி, 3-ம் சரி, 4-ம் சரி. நடுவில் இருக்கும் கியர் சன், வெளியே உள்பக்கம் பல் வெட்டிய வளையம் ரிங், இரண்டுக்கும் இடையே சுற்றுபவை பிளானட், அவற்றின் பின்களைத் தாங்குவது கேரியர். எதை அசையாமல் பிடித்திருக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

கேரியரைப் பிடித்து நிறுத்தினால் பிளானட் நடுவில் நின்று சுற்றைக் கடத்தும் வெறும் ஐட்லர். சன் 3 சுற்று போனால் ரிங் 1 சுற்று, அதுவும் எதிர்த் திசையில். உங்கள் 3 இதுதான். ஆனால் கடையில் வாங்கும் கியர்பாக்ஸில் பெரும்பாலும் ரிங் அசையாது. சன் உள்ளே வரும் ஷாஃப்ட், கேரியர் வெளியே போகும் ஷாஃப்ட். அதற்கு 4.

அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வருகிறது என்று மனதில் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முதலில் எல்லாவற்றையும் ஒட்டிவைத்த மாதிரி மொத்தமாக ஒரு சுற்று சுற்றுங்கள். சன், ரிங், கேரியர் மூன்றுக்கும் தலா 1. ஆனால் ரிங் அசையக் கூடாதே? எனவே கேரியரைப் பிடித்துக்கொண்டு ரிங்கை மட்டும் ஒரு சுற்று பின்னால் திருப்புங்கள். அப்போது சன் 3 சுற்று முன்னால் போகும். கூட்டினால் ரிங் 0, கேரியர் 1, சன் 4. கேரியர் தானே சுற்றுவதால் வந்தது அந்த ஒன்று. எழுத்தில், Z பல் எண்ணிக்கை, n சுற்று; s சன், r ரிங், c கேரியர்:

```
Zs·ns + Zr·nr = (Zs + Zr)·nc
nr = 0  →  ns/nc = 1 + Zr/Zs = 1 + 72/24 = 4
```

பிளானட் பல் ரேஷியோவுக்குள் வராது. சன்னுக்கும் ரிங்குக்கும் நடுவில் உள்ள இடத்தை நிரப்புவதுதான் அதன் வேலை: (72 − 24) / 2 = 24 பல்.

கேள்வி (சைக்கிள் மெக்கானிக், மதுரை): அப்போ சன்னைப் பிடிச்சு நிறுத்தினாலும் அதே 4 தானே? அதே பல்லுதானே இருக்கு.

பதில்: இல்லைங்க. அதே சமன்பாட்டில் ns = 0 என்று போடுங்கள். ரிங்கில் கொடுத்துக் கேரியரில் எடுத்தால் 1 + 24/72, அதாவது 1.33 மட்டும்தான். இது உங்கள் கையிலேயே புழங்கியிருக்கும். பழைய ஸ்டர்மி ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. மூன்று கியர் ஹப்பில் சன் 20, ரிங் 60. சன் அச்சிலேயே நிலையாக இருக்கும். செயின் ரிங்கைச் சுற்றி, கேரியர் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் முக்கால். கேரியரைச் சுற்றி ரிங்கில் எடுத்தால் ஒன்றே மூன்றில் ஒன்று. நடுக் கியரில் நேரடி இணைப்பு.

கேள்வி (பட்டறை உரிமையாளர், கோவை): 1 ஹெச்.பி. மோட்டாருக்கு ஒரு கையில தூக்குற அளவு பெட்டி மாட்டியிருக்காங்க. உள்ளே பல்லெல்லாம் பொடிசு. சாதா கியர்னா இதே ரேஷியோவுக்கு எவ்வளவு பெருசு வேணும்! இது எப்படித் தாங்குது?

பதில்: எண்ணோடு பார்த்துவிடலாம். 0.75 கிலோவாட், 1440 ஆர்.பி.எம். என்றால் மோட்டார் டார்க் சுமார் 5 நியூட்டன் மீட்டர். மேலே சொன்ன அதே செட், மாட்யூல் 1.5, அதாவது ஒரு பல்லுக்கு 1.5 மி.மீ. பிட்ச் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். சன் பிட்ச் விட்டம் 36 மி.மீ., ஆரம் 18 மி.மீ. பல்லில் விழும் மொத்த விசை 5 ÷ 0.018, அதாவது 278 நியூட்டன்.

சாதாரண கியரில் இந்த 278-ம் ஒரே ஒரு கடிப்பில் விழும். இங்கே மூன்று பிளானட் பங்கு போட்டுக்கொள்வதால் ஒரு கடிப்புக்கு 93 நியூட்டன். பல்லின் அகலத்தை மூன்றில் ஒன்றாக்கலாம், இல்லை அதே அகலத்தில் மூன்று மடங்கு டார்க் ஏற்றலாம். முதல் காரணம் இது.

இரண்டாவதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒவ்வொரு பிளானட்டையும் சன் ஒரு பக்கம் 93 நியூட்டனில் தள்ளுகிறது. அசையாத ரிங் எதிர்ப் பக்கத்திலிருந்து அதே திசையில் இன்னொரு 93 தள்ளுகிறது. பிளானட்டின் பின்னில் இரண்டும் கூடி சுமார் 185. பின் மையத்திலிருந்து 36 மி.மீ. தள்ளி இருக்கிறது. 185 × 3 × 0.036 போட்டுப் பாருங்கள்: 20 நியூட்டன் மீட்டர். 5 உள்ளே போய் 20 வெளியே வந்ததற்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. உராய்வில் இரண்டு மூன்று சதவீதம் கழித்துக்கொள்ளுங்கள்.

அளவைப் பாருங்கள். இதே மாட்யூலில் 24-க்கு 96 பல் போட்ட சாதாரண ஜோடி 36 + 144, பக்கவாட்டில் 180 மி.மீ. எடுக்கும். இங்கே ரிங்கின் பிட்ச் விட்டம் 108 தான்; வெளிச் சுவரைச் சேர்த்தாலும் 130-க்குள் அடங்கும். இன்னொன்றும் உண்டு. சன்னைச் சுற்றி 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று பக்கமும் தள்ளுவதால் அதன் ஷாஃப்டை வளைக்கும் விசைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பெரிய பேரிங் தேவைப்படாததற்குக் காரணம் அது. இதற்கு விலை பின் பேரிங்கில் கொடுக்கிறோம்: பல்லைப் போல இரண்டு மடங்கு சுமை, அதுவும் பிளானட்டின் வயிற்றுக்குள் உள்ள சின்ன இடத்தில். அதனால்தான் அங்கே நீடில் ரோலர் போடுகிறார்கள்.

கேள்வி (ஃபிட்டர், திருச்சி): சார், ரிங் சும்மாதானே நிக்குது. சுத்தாத பாகத்துக்கு என்ன லோடு? நாங்க மூணு எம்4 ஸ்க்ரூல பிடிச்சிருக்கோம், ஆனா அடிக்கடி லூஸ் ஆகுது.

பதில்: லூஸ் ஆவதே உங்கள் கேள்விக்குப் பதில். 5 உள்ளே வந்தது, 20 வெளியே போனது. மீதி 15-ஐ யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? ரிங்தான். வெளியே வரும் டார்க்கில் முக்கால் பங்கு அதன் மேல், ஹவுசிங் வழியாக உங்கள் ஸ்க்ரூக்களில்.

60 மி.மீ. ஆரத்தில் 15 நியூட்டன் மீட்டர் என்றால் 250 நியூட்டன். மூன்று எம்4 அதில் அறுந்துவிடாது. ஆனால் நேரடி ஸ்டார்ட்டரில் போடும் போதெல்லாம் இது இரண்டு மூன்று மடங்காகக் குதிக்கும். ரிங் ஒரு மயிரிழை நகரும், திரும்பும், ஸ்க்ரூ தளரும். ரிங்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே இரண்டு டவல் பின் அடித்து டார்க்கை அவற்றிடம் விடுங்கள். ஸ்க்ரூ அழுத்திப் பிடிக்கும் வேலையை மட்டும் பார்க்கட்டும்.

ரிங்கில் டார்க் இல்லை என்றால் கார்ட்லெஸ் டிரில்லின் கிளட்ச் வேலையே செய்யாது. அங்கே ஒரு ரிங்கைச் ஸ்ப்ரிங்கும் குண்டுகளும் அழுத்திப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ இறுகியதும் ரிங் மேல் வரும் எதிர் டார்க் ஸ்ப்ரிங்கை மீறும், ரிங் வழுக்கும். ‘டக டக’ சத்தம் அதுதான்.

கேள்வி (மெயின்டனன்ஸ், சேலம்): எங்க மிக்சர் கியர்பாக்ஸ்ல ஒரு பிளானட்ல பல் போயிருந்தது. அதை மட்டும் புதுசா போட்டோம். ரெண்டு மாசத்துல அதே இடத்துல பேரிங் போச்சு. ஆயில் நல்ல ஆயில்தான். ரேஷியோ தப்பாயிடுச்சா?

பதில்: ரேஷியோ மாறாது, சன் அல்லது ரிங்கின் பல் எண்ணிக்கை மாறினால்தான் மாறும். மாறியது பங்கீடு. தேய்ந்த இரண்டு பிளானட்டுக்கு நடுவில் புதியது ஒன்று தடித்த பல்லோடு உட்கார்ந்திருக்கிறது. முதலில் கடிப்பது அதுதான், சுமையில் பெரும்பகுதியை வாங்குவதும் அதுதான். மூன்றையும் ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும். சன்னும் தேய்ந்திருந்தால் அதையும் சேர்த்து.

திறக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். பிளானட் பல்லில் ப்ளூ தடவி, லேசாகச் சுமை கொடுத்துக் கையால் சுற்றினால் மூன்றிலும் ஒரே மாதிரித் தடம் வர வேண்டும். ஒன்றில் மட்டும் அடர்த்தியாக வந்தால் பங்கீடு கெட்டிருக்கிறது. அடுத்து சன்னைப் பிடித்து ஆட்டுங்கள். மூன்று பிளானட் பெட்டிகள் பலவற்றில் சன்னுக்குத் தனி பேரிங் இருக்காது. மூன்றுக்கும் நடுவில் தானே இடம் தேடிக்கொள்ளும்படி வேண்டுமென்றே ஆட்டத்தோடு விட்டிருப்பார்கள். யாராவது ‘ஆடுதே’ என்று புஷ் போட்டு இறுக்கியிருந்தால், கோளாறு அங்கேயே தொடங்கியிருக்கலாம்.

கேள்வி (கல்லூரி புராஜெக்ட், சென்னை): ஸ்டெப்பர் மோட்டார் பிளானட்டரி பாக்ஸ் 5.18-னு வாங்கினோம். சுழல் மேசை பத்து சுத்து போனா ஒரு டிகிரிக்கு மேல தள்ளி நிக்குது. பேக்லாஷா?

பதில்: பேக்லாஷ் என்பது பற்களுக்கு நடுவில் உள்ள ஆட்டம்; அது கூடிக்கொண்டே போகாது, திசை மாறும்போது ஒருமுறை காட்டிவிட்டு அதே அளவில் நிற்கும். சுற்றுக்குச் சுற்று வளர்கிறது என்றால் ரேஷியோவைத் தோராயமாகப் போட்டிருக்கிறீர்கள். அந்த 5.18 உண்மையில் 57/11, அதாவது 1 + 46/11. ரிங் 46, சன் 11 என்று படிக்கலாம். (46 − 11) / 2 பதினேழரை வருகிறதே என்று கேட்காதீர்கள். 17 பல் வெட்டிப் பல்லின் வடிவத்தைச் சற்றுத் தள்ளிச் சரிக்கட்டுவார்கள்.

5.18-க்கும் 57/11-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சுற்றுக்கு 0.126 டிகிரி. பத்துச் சுற்றுக்கு 1.26. உங்கள் ‘ஒரு டிகிரிக்கு மேல’ இதுதான். மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 3200 மைக்ரோஸ்டெப் என்றால் மேசையின் ஒரு சுற்றுக்கு 16581.82 வரும், முழு எண் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் முழுமையாக்காமல், மொத்தக் கோணத்தைக் கணக்கிட்டு இப்படிப் போடுங்கள்:

```
steps = round(deg * 182400 / (11 * 360))
```

கேள்வி (டிசைனர், ஓசூர்): மூணுக்குப் பதில் அஞ்சு பிளானட் போட்டா டார்க் இன்னும் ஏறுமே, ஏன் எல்லாரும் மூணோட நிக்கிறாங்க?

பதில்: மேலே சொன்ன 24, 72 செட்டில் ஐந்து இடத்துக்குள் அடங்கும், ஆனால் சம இடைவெளியில் கோக்க முடியாது. (24 + 72) ÷ 5 முழு எண்ணாக வரவில்லை. கடைசிப் பிளானட்டின் பல் பள்ளத்தில் விழாமல் முட்டும். நான்குக்கு 24 வருகிறது, கோக்கலாம். ஆறு போட்டால் பக்கத்துப் பிளானட்கள் உரசும்: மைய இடைவெளி 36 மி.மீ., ஒவ்வொன்றின் வெளி விட்டம் 39.

நான்கு போட்டால் மூன்றில் நான்கு மடங்கு டார்க் கிடைக்குமா என்பதுதான் சிக்கல். ஆட்டத்தோடு விட்ட சன் மூன்று தொடுபுள்ளிகளுக்கு நடுவில் தானே சமமாக உட்காரும். நான்காவது புள்ளிக்கு அந்த வசதி இல்லை. பின் துளைகள் சில மைக்ரான் பிசகினாலும் ஒன்று சும்மா சுற்றும். ரிங்கை மெல்லிசாக வளையவிட்டுச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள், பின்னையே வளையும்படி செய்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பட்டறையின் துளைத் துல்லியம் தெரியாமல் எது நல்லது என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே டிசைனர்: துளை 20 மைக்ரானுக்குள்ள வரும்.

பதில்: அப்படியானால் மூன்றோடு நின்று பல் அகலத்தைக் கூட்டுங்கள். பிளானட் பல் சன்னிடம் ஒரு பக்கமும் ரிங்கிடம் மறுபக்கமுமாக இரண்டு திசையிலும் வளைவதால், அதன் அனுமதி வளைவுத் தகைவை 70 சதவீதமாகக் குறைத்து எடுக்க மறக்க வேண்டாம்.