30 வெள்ளி எங்கே போனது?

கேள்வி: சென்னை தி.நகரில் கல்யாணத்துக்கு 32,500 ரூபாய்க்குப் புடவை எடுத்து, சிங்கப்பூர் கிரெடிட் கார்டில் பணம் கட்டினேன். அன்று ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய். 500 வெள்ளிதான் வர வேண்டும். ஸ்டேட்மெண்டில் 525 வெள்ளியும், தனியாக 5 வெள்ளி 25 காசும் இருக்கின்றன. வங்கி எந்த விகிதத்தைப் போட்டது?

பதில்: வங்கி விகிதமே போடவில்லை என்றுதான் தோன்றுகிறது. அந்த 5 வெள்ளி 25 காசு, 525-இல் சரியாக ஒரு விழுக்காடு. வெளிநாட்டுக் கடையின் பில் வெள்ளியிலேயே வந்தால் நம் ஊர் வங்கிகள் பல வசூலிக்கும் கட்டணம் அது. அப்படியென்றால் ரூபாயை வெள்ளியாக மாற்றியது கடையின் கார்டு மெஷின். 32,500-ஐ 525-ஆல் வகுத்தால் 61.90 வரும். 65-க்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் கடைத் தரப்பு ஏற்றியது.

கார்டு மெஷினில் SGD, INR என்று இரண்டும் வந்து, கடைப் பையன் "நீங்க சிங்கப்பூர்தானே சார்" என்று SGD-ஐ அமுக்கியிருப்பார். பலருக்கு இப்படித்தான் நடக்கிறது. மெஷின் தந்த சீட்டைத் தேடி எடுங்கள். இந்த முறையில் அதில் வெள்ளித் தொகையும் மாற்று விகிதமும் இருக்கும். நீங்களே வெள்ளியைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். ஸ்டேட்மெண்டில் தொகைக்குக் கீழே INR 32,500 என்ற வரி இல்லாமலிருந்தால் அதுவும் இதையே காட்டும்.

ரூபாயில் கட்டியிருந்தால்? விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விகிதத்தில் மாற்றும். அதன்மேல் வங்கி பெரும்பாலும் 3.25 விழுக்காடு அளவில் போடும். ஏறக்குறைய 516 வெள்ளி வந்திருக்கும். அதனால் உங்கள் உண்மையான நட்டம் 30 அல்ல, 14 வெள்ளிதான். கூகிள் காட்டும் விகிதம் கார்டில் யாருக்கும் அப்படியே கிடைப்பதில்லை. சிராங்கூன் ரோட்டுப் பணமாற்றுக் கடையிலும் கிடைக்காது.

வங்கிக்கு எழுதும்போது "ஏன் அதிகம்?" என்று கேட்டால் கட்டண அட்டவணையை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். கடை எந்த நாணயத்தில் பில் அனுப்பியது, மாற்றியது யார், 5.25 என்ன கட்டணம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். உங்களிடம் கேட்காமலே வெள்ளிக்கு மாற்றியிருந்தால் அதையும் சொல்லி, சீட்டின் நகலோடு தகராறு மனு கொடுங்கள். நாணயத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கார்டு வைத்திருப்பவருக்கு உண்டு என்பது விசா, மாஸ்டர்கார்டு விதி. ஆனால் சீட்டில் உங்கள் கையெழுத்து இருந்தால் வழக்கு பலவீனம்.

வங்கியின் இறுதிப் பதில் திருப்தி தராவிட்டால் ஃபிட்ரெக் தகராறு தீர்ப்பு மையத்துக்குப் போகலாம். அங்கே வங்கியைப் பற்றித்தான் முறையிட முடியும், தி.நகர்க் கடையைப் பற்றி முடியாது. 14 வெள்ளிக்கு அவ்வளவு தூரம் போவேனா என்று கேட்டால், நான் மனுவோடு நிறுத்திவிடுவேன்.