கஸ்டம் ரூமில் பள்ளி நாக் அவுட்: ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் கிளாஷ் ஸ்குவாட் நடத்துவது பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (பிளஸ் ஒன் மாணவர், கிளப் செயலாளர்): 11 டீம் பேர் கொடுத்திருக்காங்க. ஒவ்வொரு ரவுண்டிலும் ஒத்தப்படை வந்தா ஒரு டீமுக்குச் சீட்டு எடுத்து, ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போற பை கொடுத்துடலாம்னு நினைக்கிறேன். சரிதானே?

பதில்: பாதி சரி, தம்பி. எப்படிப் போட்டாலும் மொத்தம் 10 ஆட்டம்தான், ஏனென்றால் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணி வெளியேறும். சிக்கல் வேறு இடத்தில். உங்கள் முறையில் 11 அணிகள் 6 ஆகும், 6 மூன்றாகும். அந்த மூன்றில் ஓர் அணி ஆடாமலே ஃபைனலுக்குப் போய்விடும். அது முதல் சுற்றிலும் பை வாங்கிய அணியாகவே இருந்துவிட்டால் சண்டை நிச்சயம்.

அதனால் பை எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே தீர்த்துவிடுங்கள். 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் கட்டங்களில் 11-க்கு மேலே உள்ளது 16, ஆகவே 5 பை. முன்பு நடந்த ஆட்டங்களை வைத்து அணிகளுக்கு 1 முதல் 11 வரை வரிசை எண் போடுங்கள். முந்தைய ஆட்டம் எதுவும் இல்லையென்றால் எல்லோர் முன்னாலும் சீட்டு எடுங்கள். முதல் ஐந்து அணிகளுக்கு பை. மற்றவர்கள் 6-11, 7-10, 8-9 என்று மோதட்டும். காலிறுதியில் 8-9இல் வென்றவர் 1-ஐயும், 7-10இல் வென்றவர் 2-ஐயும், 6-11இல் வென்றவர் 3-ஐயும் சந்திப்பார்கள். 4-ம் 5-ம் நேராக மோதும். அரையிறுதியில் 1-இன் பக்கமும் 4-5 பக்கமும் ஒரு பாதி, 2-இன் பக்கமும் 3-இன் பக்கமும் இன்னொரு பாதி.

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்): ஒரு முறை தோற்றதும் பிள்ளைகளை அனுப்பிவிடுவது பாவமாக இருக்கிறது. இரண்டு முறை தோற்றால்தான் வெளியேற்றும் டபுள் எலிமினேஷன் வைக்கலாமா?

பதில்: நல்ல யோசனைதான், நேரம் இருந்தால். 11 அணிகளுக்கு 20 அல்லது 21 ஆட்டம் வரும். ரூம் போட்டு, ஆட்களைச் சரிபார்த்து, ஆடி முடிக்க ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் வையுங்கள் சார். ஒரே ஹோஸ்ட் என்றால் எட்டு மணி நேரத்தைத் தாண்டிவிடும். அரையிறுதி வரை ஒற்றை ஆட்டம், ஃபைனல் மட்டும் மூன்றில் இரண்டு என்பது என் விருப்பம். முதல் சுற்றில் தோற்ற மூன்று அணிகளுக்கும் தனியாக ஒரு சின்னச் சுற்று வையுங்கள், அவர்களும் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள்.

கேள்வி: எங்க டீம் பெர்முடாவில் 14 கில் எடுத்தும் தோத்துட்டோம். பாயின்ட் டேபிள் போட்டா நியாயமா இருக்குமே?

பதில்: அது பல அணிகள் ஒன்றாக இறங்கும் பேட்டில் ராயலுக்கான கணக்கு. கிளாஷ் ஸ்குவாடில் நாலு பேருக்கு நாலு பேர், முதலில் நாலு ரவுண்டு ஜெயித்தவர்தான் ஜெயித்தவர். கில் எண்ணிக்கையைச் சிறந்த வீரர் பரிசுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (கிளப் செயலாளர்): அரையிறுதியில் 3-2 இருக்கும்போது ஒருத்தனுக்கு நெட் போச்சு. அவங்க மறுபடி ஆடணும்ங்கிறாங்க, எதிரணி மாட்டேங்குது. என்ன தீர்ப்பு?

பதில்: ஒருவருக்கு மட்டும் நெட் போனால் ஆட்டம் தொடரும். ஆட்டத்தின் முதல் ரவுண்டில் யாரும் சுடுவதற்கு முன்பே நெட் போயிருந்தால் மட்டும் ரூமைக் கலைத்துப் புதிதாகப் போடலாம். இந்த விதியை ஆட்டத்துக்கு முன்பே இரு கேப்டன்களிடமும் எழுதி வாங்குங்கள். நடுவில் அறிவித்தால் அது யாருக்கோ சாதகமாகத்தான் தெரியும்.

பள்ளி வைஃபையே படுத்து இரு பக்கமும் விழுந்தால் கதை வேறு. புதிய ரூமில் பழைய ஸ்கோரை ஏற்ற முடியாது. 3-2 என்று தாளில் எழுதிக்கொண்டு, முன்னணி அணிக்கு இன்னும் ஒரு ரவுண்டு, மற்றதற்கு இரண்டு ரவுண்டு என்று ஆடவிடலாம். ஆனால் அதுவரை சேர்த்த காசும் துப்பாக்கியும் போய்விடும். காசைச் சேமித்து வைத்திருந்த அணிக்கு இது நஷ்டம். முழு ஆட்டத்தையும் திரும்ப வைத்தால் முன்னணியில் இருந்தவருக்கு நஷ்டம். இதில் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தீர்ப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் ஸ்கோரைத் தொடரும் பக்கம்.

கேள்வி: வேற பையன் ஐடில விளையாடினதா சந்தேகம். எப்படிப் பிடிக்கிறது?

பதில்: பெயரை மாற்றிக்கொள்ளலாம், கணக்கு எண்ணான யுஐடி மாறாது. பதிவிலேயே யுஐடி வாங்கி, ரூமில் சேர்ந்ததும் ஒவ்வொரு புரொஃபைலையும் திறந்து ஒத்துப் பாருங்கள். ஐடி சரியாக இருந்து கை மட்டும் வேறென்றால், ஒரே அறையில் உட்கார வைத்து ஆள் முகத்தைப் பார்ப்பதுதான் வழி. வீட்டிலிருந்து ஆடினால் இதை முழுசாகத் தடுக்க முடியாது.

புகாருக்கு ஆட்டம் முடிந்து 10 நிமிடம் மட்டும் கொடுங்கள். ரூம் போட்டவுடன் செட்டிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இரு கேப்டன்களுக்கும் காட்டுங்கள். துப்பாக்கி ஸ்கின் தரும் கூடுதல் பலமான கன் ஆட்ரிபியூட் ஆனில் இருந்தது, கேரக்டர் ஸ்கில் ஆஃபில் இருந்தது என்ற புகார்தான் அதிகம் வரும்.

கேள்வி (பெற்றோர்): புரொஜெக்டரில் காட்டலாமா? நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசுப் பணம் கொடுக்கலாமா?

பதில்: காட்டலாம். ஆனால் ஹோஸ்ட் பார்வையாளராக இருப்பதால் அந்தத் திரையில் இரு அணியும் ஒளிந்திருக்கும் இடம் தெரியும். ஆடுகிறவர்களைத் திரைக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், அல்லது வேறு அறைக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் யாரும் "பின்னாடி வரான்" என்று கத்தக் கூடாது. இரண்டாம் முறை கத்தினால் அந்த ரவுண்டு எதிரணிக்கு.

பணம் வேண்டாம் அம்மா. பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளை மத்திய அரசின் 2025 சட்டம் தடை செய்கிறது. பள்ளி அந்தப் பேச்சுக்கே போகாமல் கோப்பையும் சான்றிதழும் கொடுத்தால் போதும்.