இதய மாத்திரையால் மார்பு வீங்குமா?

"வயது 58. இதயத்துக்கு ஸ்பைரனோலாக்டோன் ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். இரண்டு மார்பும் வீங்கி, சட்டை உரசினாலே வலிக்கிறது. மாத்திரைதான் காரணமா?"

பெரும்பாலும் அதுதான். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்ளெரினோன் என்றொரு மாற்று உண்டு, அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

ஸ்பைரனோலாக்டோன் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனின் கை ஓங்கி, மார்பகச் சுரப்பித் திசு வளர்கிறது.

மல்லாந்து படுத்து, இரு பக்கமிருந்தும் காம்பை நோக்கி விரல்களை நகர்த்துங்கள். காம்புக்கு நேர் அடியில் ரப்பர் வில்லை போல் தட்டுப்பட்டால் சுரப்பி. எங்கும் மெத்தென்று இருந்தால் வெறும் கொழுப்பு.

ஒரு பக்கம் மட்டும், காம்பைவிட்டு விலகிக் கல்போல் கட்டி இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ மாத்திரை மேல் பழிபோட்டுக் காத்திருக்க வேண்டாம். அது உடனே பரிசோதிக்க வேண்டியது.