அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் அந்த அக்காவிடம் 15 நிமிடம்

கொண்டலாம்பட்டியில் ஆறு விசைத்தறி ஓட்டும் அப்பா, பிளஸ் டூ முடித்த மகளோடு போன வாரம் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தார். பெண்ணுக்குக் கைத்தறித் தொழில்நுட்ப டிப்ளமோ படிக்க ஆசை. அதற்கான மத்திய அரசு நிறுவனம் 1960-லிருந்து சேலத்திலேயே இருக்கிறது. ஆனால் சென்னைச் சித்தப்பாவோ, கோவையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி முடித்துவிட்டார். "தறி என்னோட போகட்டுங்க" என்றார் அப்பா. அவர் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நான்கு வருடத்துக்கு 9 லட்சம் கடன் என்றதும் நேராகவே சொல்லிவிட்டேன். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் பொதுவாக வங்கி சொத்தை ஈடு கேட்கும். சித்தப்பா சொன்னார் என்பதற்காக வீட்டுப் பத்திரத்தை வைக்காதீர்கள். இதை முடித்தவர், அதை முடித்தவர் என்று இரண்டு பேரிடமும் பேசும்வரை அட்வான்ஸும் கட்டாதீர்கள்.

கவுன்சலிங், கட்-ஆஃப் எல்லாம் உங்களுக்கே தெரியும். யாரும் செய்யாதது இந்தப் பேச்சைத்தான். படித்து முடித்து இரண்டு, மூன்று வருடம் ஆனவராகப் பாருங்கள். இருபது வருட அனுபவக்காரர் சொல்வது அவர் காலத்துக் கதையாக இருக்கும். அந்தப் பெண்ணின் பள்ளித் தோழி ஒருத்தி சேலம் கைத்தறி நிறுவனத்தில் படிக்கிறாள். அவளுடைய சீனியர் இப்போது கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் இருக்கிறார். தோழி முதலில் சீனியரிடம் கேட்டுவிட்டுத்தான் நம்பர் தர வேண்டும் என்று சொன்னேன்.

பெண் முதலில் எழுதிய மெசேஜ் இது: "ஹாய் அக்கா, கொஞ்சம் பேசணும், எப்போ ஃப்ரீ?" இதற்குப் பதில் வராது. என்ன விஷயம், எவ்வளவு நேரம் என்று எதுவும் தெரியாமல் அவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். 'எப்போது வேண்டுமானாலும்' என்பதும் அப்படித்தான். மரியாதையாகத் தெரியும், வேலை முழுவதும் எதிராளி தலையில் விழும். அவருடைய வேலை நேரத்தைத் தோழியிடம் விசாரித்தோம். திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 7 மணி ஆகிவிடுமாம், சனிக்கிழமை அரை நாளாம். அதை வைத்து இப்படி மாற்றினோம்:

"வணக்கம் அக்கா. நான் கொண்டலாம்பட்டி, பிளஸ் டூ முடித்திருக்கிறேன். உங்கள் ஜூனியர் என் பள்ளித் தோழி, அவள்தான் உங்களிடம் கேட்டுவிட்டு நம்பர் கொடுத்தாள். டிப்ளமோவில் சேரலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் வேலை எப்படி இருக்கிறது என்று 15 நிமிடம் போனில் கேட்கலாமா? சனி 14-ம் தேதி மாலை 5 முதல் 6, ஞாயிறு 15 காலை 10 முதல் 11, புதன் 18 இரவு 8 முதல் 9. எது வசதியோ அந்தக் கிழமையை மட்டும் அனுப்பினால் போதும், நானே கூப்பிடுகிறேன். மூன்றும் சரிப்படாவிட்டால் வாய்ஸ் மெசேஜ் போதும். வேலை நெருக்கடி என்றால் பரவாயில்லை அக்கா."

ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட முடிகிறது பாருங்கள். மறுநாள் "ஞாயிறு" என்று வந்தது. வராமல் போயிருந்தால் ஐந்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிட வேண்டும்.

அப்பா தானே பேசுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பெரியவர் கூப்பிட்டால் அந்த அக்கா "நல்ல படிப்புங்க" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். 'வேலை கிடைக்குமா', 'சம்பளம் எவ்வளவு' என்று ஆரம்பித்தாலும் இதே பதில்தான் வரும். அதனால் மூன்றே கேள்வி: போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து என்ன வேலை செய்தீர்கள்? உங்கள் வகுப்பில் யாரெல்லாம் இந்தத் துறையை விட்டுப் போனார்கள், ஏன்? சேரும் முன் தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எதை நினைக்கிறீர்கள்?

ஞாயிறு பத்து மணிக்குக் கூப்பிட்டாள். செவ்வாய் காலை முழுவதும், வாங்குபவர் அனுப்பிய துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று லென்ஸ் வைத்து எண்ணியதாகவும், பிற்பகலில் அந்த டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டதாகவும் அக்கா சொல்லியிருக்கிறார். தறி ஓடும் இடத்தில் நாள் முழுக்க நிற்க முடியாதவர்கள்தான் துறையை விட்டுப் போனார்களாம். ஆரம்பச் சம்பளம் குறைவு என்பதையும் கேட்காமலே சொல்லிவிட்டார். இவள் வீட்டுக்குள்ளேயே தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். நிற்பது ஒரு விஷயமே இல்லை என்றாள்.

பதினைந்தாவது நிமிடம், "நேரம் ஆயிடுச்சுக்கா, வெச்சுடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அக்காதான் இன்னும் பத்து நிமிடம் பேசினாராம். மாலையிலேயே நன்றி சொல்லி அனுப்பினாள், எதில் சேர்ந்தாலும் அவருக்குத் தெரிவிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதே மெசேஜை மாற்றி எழுதி, சித்தப்பா சொன்ன அந்தக் கோவைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்த ஓர் அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறாள். வியாழன் இரவு எட்டரைக்குப் பேசுகிறார்கள். பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும் என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார்.