கேள்வியைத் திரையில் போட்டு வீடியோவில் பதில் சொல்வது

கேள்வி: "என் வீடியோக்களுக்குக் கீழே வரும் கேள்விகளுக்கு, சிலர் செய்வதுபோல அந்தக் கேள்வியைத் திரையில் போட்டு வீடியோவாகவே பதில் சொல்கிறேன். ஆனால் முதல் சில விநாடிகளிலேயே தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். தொடக்கத்தை எப்படி அமைப்பது?"

பினாங்கில் ஏர்கோன் சர்வீஸ் வேலை செய்கிறேன். டிக்டாக்கில் நான் போடுவதில் பெரும்பாலானவை இந்த மாதிரி பதில்கள்தான். அதனால் என் தொழிலிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

"அண்ணே, ஏர்கோன்ல தண்ணி ஒழுகுது, கேஸ் போடணுமா?"

இதை நான் தேர்ந்தெடுக்கக் காரணம், கேள்விக்குள்ளேயே ஒரு தவறான முடிவு ஒளிந்திருக்கிறது. கேட்டவர் தண்ணீர் ஒழுகுவதையும் கேஸ் குறைவதையும் ஒன்றாக்கிவிட்டார். அதே நினைப்போடு இன்னும் நிறைய பேர் இருப்பார்கள். திரையில் இதைப் பார்த்ததும் "எங்க வீட்லயும் இப்படித்தானே" என்று நின்றுவிடுவார்கள். "ஏர்கோன் பற்றிச் சொல்லுங்க அண்ணே" என்பது போன்ற பொதுவான கேள்வியைப் போட்டால் அப்படி யாரும் நிற்பதில்லை.

செய்முறை சுலபம். கருத்துக்குப் பதில் எழுதும் கட்டத்தைத் திறந்தால் பக்கத்தில் ஒரு கேமரா அடையாளம் தெரியும். அதை அழுத்திப் படம்பிடித்தால் அந்தக் கருத்து, கேட்டவரின் பெயரோடு, ஸ்டிக்கராக வீடியோவில் வந்து உட்காரும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸிலும் யூடியூப் ஷார்ட்ஸிலும் இதே வசதி இருக்கிறது. ஸ்டிக்கரை விரலால் நகர்த்தலாம், பெரிதாக்கலாம். கீழே தலைப்பு எழுத்து மறைக்கும், வலது ஓரத்தில் லைக் பட்டன்கள் மறைக்கும், உச்சியிலும் செயலியின் எழுத்துகள் இருக்கும். ஆகவே மேல் பாதியில், கொஞ்சம் இடது பக்கமாக, முகத்தை மறைக்காமல் வையுங்கள்.

இப்போது தொடக்கம். பார்ப்பவர் ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் "வணக்கம் மக்களே, நேத்து ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருந்தாரு, அதப் பத்தி இன்னைக்கு..." என்று பேசினால் கண் ஒரு வாக்கியத்தையும் காது வேறொரு வாக்கியத்தையும் பிடிக்கப் பார்க்கும். இரண்டும் பிடிபடாது. உங்கள் வீடியோக்களைப் பாதியில் தள்ளிவிட்டுப் போவதற்கு இதுதான் காரணம் என்பது என் சந்தேகம். திரையில் கேள்வி வந்துவிட்ட பிறகு அறிமுகம் எதற்கு?

திரையில் என்ன எழுத்து இருக்கிறதோ அதையே, அதே சொற்களில், வாய் சொல்ல வேண்டும். மேலே உள்ள கேள்வியைச் சாதாரண வேகத்தில் வாசித்தால் மூன்று விநாடிதான் ஆகும். மௌனமாக விட்டு, படிக்க நேரம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் தமிழில் வீடியோ போடுபவருக்கு அது சரிவராது என்பேன். இங்கே தேசியப் பள்ளியில் படித்து, வீட்டில் சரளமாகத் தமிழ் பேசி, தமிழ் எழுத்தை மட்டும் படிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். ரோமன் எழுத்தில் தமிழை டைப் செய்பவர்களும் அதே அளவு. அந்த எழுத்தைப் படிக்க வயதானவர்கள் திணறுவார்கள். நாம் வாய்விட்டு வாசித்துவிட்டால் இரண்டு பக்கத்தாரும் உள்ளே வந்துவிடுவார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கிறவரும்தான்.

வாசித்து முடித்த அடுத்த மூச்சில் பதில்: "கேஸ் வேண்டாம். முதல்ல டிரெயின் பைப்பப் பாருங்க." பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் ஆள் போய்விடுவாரே என்று பலர் பயந்து கடைசிவரை இழுப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. "கேஸ் வேண்டாம்" என்றதும் போகிறவரைவிட, "ஏன் வேண்டாம்?" என்று நிற்கிறவர்தான் அதிகம். ஏற்கெனவே கேஸுக்குப் பணம் கொடுத்தவர் கண்டிப்பாக நிற்பார்.

அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே படம் மாற வேண்டும். என் முகம் போய், சுவரில் மாட்டிய உள் யூனிட்டும் அதன் கீழே நீர்க்கோடு இறங்கிய சுவரும் வரும். அப்புறம் வெளியே போகும் டிரெயின் பைப்பின் முனையைக் காட்டுவேன். உறிஞ்சும் மெஷினை அதில் வைத்து இழுத்ததும் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று பாசி வரும். அதை நெருக்கத்தில், வெட்டாமல் விட்டுவிடுவேன். விளக்கம் அதற்கு மேல்தான் ஓடும்: ஈரக் காற்று குளிர்ந்த காயிலில் பட்டு நீராகிறது, அந்த நீர் தட்டில் விழுந்து பைப் வழியாக வெளியே போக வேண்டும், பைப் அடைத்தால் தட்டு நிரம்பி அறைக்குள் வழிகிறது. அறை நன்றாகக் குளிர்ந்தும் தண்ணீர் ஒழுகினால் பெரும்பாலும் இந்த அடைப்புதான்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய மறுபக்கமும் ஒன்று உண்டு, அதையும் அதே வீடியோவில் சொல்லிவிட வேண்டும். கேஸ் குறைந்தாலும் காயிலில் ஐஸ் பிடித்து, பிறகு உருகி ஒழுகும். ஆனால் அப்போது அறை சரியாகக் குளிராது. ஃபில்டர் தூசி அடைத்தாலும் ஐஸ் பிடிக்கும் என்பதால் அதை முதலில் கழுவிப் பார்க்க வேண்டும். கேஸ் தானாகத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். இந்தப் பகுதியை விட்டுவிட்டால், ஐஸ் பிடித்த ஏர்கோன் வைத்திருப்பவர் நம் பேச்சை நம்பி பைப்பையே நோண்டிக்கொண்டிருப்பார்.

"கேஸ் குறைஞ்சா எங்க கசியுதுன்னு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி கீழே வரும். அதையும் இதே வீடியோவில் திணிக்காதீர்கள், அது தனி வீடியோ. அங்கே "போன வீடியோல சொன்னேனே" என்று ஆரம்பிக்கவும் கூடாது. பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் பழைய வீடியோவைப் பார்த்திருக்க மாட்டார்கள். தேவையான பின்னணியை ஒரே வாக்கியத்தில் புதிதாகச் சொல்லிவிடுங்கள்.

நீளமான கருத்து வந்தால் ஸ்டிக்கர் பாதித் திரையை அடைத்துக்கொள்ளும், எழுத்தும் எறும்பு போல ஆகிவிடும். அப்போது நான் ஸ்டிக்கரைச் சிறிதாக ஓரத்தில் வைத்துவிட்டு, கேள்வியின் முக்கியமான வரியை மட்டும் கேட்டவரின் சொல்லிலேயே பெரிய எழுத்தில் தனியாகப் போடுவேன். வாசிப்பதும் அந்த வரியைத்தான். கேட்டவர் வீட்டு ஓனரோடு சண்டை, கடன் என்று சொந்தக் கதையும் சேர்த்து எழுதியிருந்தால் ஸ்டிக்கரே போட மாட்டேன். பெயர் இல்லாமல் கேள்வியை மட்டும் டைப் செய்துகொள்வேன். அவர் ஒரு கருத்தாகத்தான் எழுதினார், அதையே வீடியோவின் முகப்பில் பார்த்தால் சங்கடப்படுவார்.

எல்லாக் கேள்விக்கும் வீடியோ தேவையில்லை. "சர்வீஸுக்கு எவ்வளவு?" என்று கேட்டால் எழுத்தில்தான் பதில். விலை மாறும், வீடியோ அப்படியே கிடக்கும். "கெபாசிட்டர நானே மாத்தலாமா அண்ணே?" என்று கேட்பவருக்கும் எழுத்தில்தான், வேண்டாம் என்று. மின்சாரத்தை அடைத்த பிறகும் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். நான் திரையில் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே அதைக் கழற்றிக் காட்டினால், சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்க்கும் ஒருவர் என் கை செய்வதை மட்டும் பார்த்துச் செய்து பார்ப்பார்.