பேசுகிறார், ஆனாலும் வீட்டுக்கு விடவில்லையே?

"கொலோனோஸ்கோப்பி முடிந்து அப்பா நன்றாகப் பேசினார். ஆனாலும் ஸ்கோர் 8தான் என்று நர்ஸ் விடவில்லை. ஏன்?"

அது பெரும்பாலும், மயக்க மருந்திலிருந்து எவ்வளவு தெளிந்திருக்கிறார் என்று அளக்கும் ஆல்ட்ரெட் ஸ்கோராக இருக்கும். கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், விழிப்பு, ஆக்சிஜன் அளவு என ஐந்துக்கும் தலா அதிகபட்சம் 2, மொத்தம் 10. வழக்கமாக 9 வந்தால்தான் அடுத்த கட்டம்.

விழிப்பில்தான் குடும்பத்தார் ஏமாறுவார்கள். நாம் பேச்சுக் கொடுப்பதே அவரை எழுப்பி வைத்திருக்கும். பேச்சை நிறுத்திச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். கண் சொருகி, பெயர் சொல்லி அழைத்தால் மட்டும் விழிக்கிறார் என்றால் அதற்கு 1தான். மூக்கில் ஆக்சிஜன் குழாயும் தேவைப்பட்டால் அங்கேயும் 1. ஆக 8.

அப்புறம், மயக்கத்தை முறிக்க ஃப்ளூமஸெனில் போட்டார்களா என்று கேளுங்கள். அதன் வேலை, தூங்க வைக்கக் கொடுத்த மிடசோலம் மருந்தின் வேலைக்கு முன்பே தீர்ந்துவிடும், தூக்கம் திரும்ப அழுத்தும். அதனால் போட்டிருந்தால், ஸ்கோர் 10 வந்தாலும் இரண்டு மணி நேரம் வரை வைத்துப் பார்ப்பார்கள்.